சூளபந்தகரின் வெள்ளைத் துணி: அநித்தம் பற்றிப் பேசப் போகிறவர்களுக்குச் சில கேள்வி பதில்கள்

எங்கள் தியானக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் இல்லறத்தார். வங்கி ஊழியர், தையற்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியைகள் என்று ஞாயிறு காலையில் இருபது பேர் கூடுவோம். அநித்தம், அதாவது எதுவும் அப்படியே நிலைத்திராது என்ற புத்தரின் போதனையை விளக்க அங்கே நான் பல முறை சொன்ன கதை இது. கேட்டவர்களும், வேறு குழுக்களில் இதையே சொல்ல நினைத்தவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கதை தெரியாது. முதலில் அதைச் சொல்லுங்களேன்.

ராஜகிருகத்துச் செல்வர் ஒருவரின் மகள் வீட்டு வேலையாளோடு ஓடிப்போனாள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிற வழியில் ஒரு மகன் பிறந்தான். அடுத்த முறையும் அதேபோல் வழியிலேயே இன்னொருவன். அதனால் இருவருக்கும் பந்தகன், அதாவது வழியில் பிறந்தவன் என்று பெயர். மூத்தவர் மகாபந்தகர், இளையவர் சூளபந்தகர். பிள்ளைகள் தாத்தா வீட்டில் வளர்ந்தார்கள். மூத்தவர் பிக்குவாகி, ஆசையும் வெறுப்பும் மயக்கமும் அற்ற அரகந்த நிலையும் எய்தினார். பிறகு தம்பியையும் சங்கத்தில் சேர்த்து, மனப்பாடம் செய்யச் சொல்லி ஒரு செய்யுள் கொடுத்தார். காலையில் மலர்ந்து மணக்கும் தாமரையைப் புத்தருக்கு ஒப்பிடும் நாலடிச் செய்யுள் அது.

நாலு மாதம் ஆயிற்று. செய்யுள் ஏறவில்லை. இரண்டாம் அடி மனத்தில் நுழையும்போது முதல் அடி வெளியேறிவிடும். "உன்னால் ஆகாது, வீட்டுக்குப் போ" என்றார் அண்ணன். அந்தச் சமயத்தில்தான் வைத்தியர் ஜீவகர் வந்து, புத்தரையும் பிக்குகளையும் மறுநாள் உணவுக்கு அழைத்தார். யார் யார் எங்கே உண்பது என்பதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு மகாபந்தகருடையது. தம்பி ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைவருக்குமாக அழைப்பை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் விடியலில் சூளபந்தகர் வெளியேறப் புறப்பட்டார். வாயிலில் புத்தர் நின்றிருந்தார். தலையைத் தடவிக் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார். ஒரு சுத்தமான வெள்ளைத் துணியைக் கொடுத்து, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டே "ரஜோஹரணம், ரஜோஹரணம்" என்று சொல்லச் சொன்னார். தூசு நீக்கல் என்று பொருள். பிறகு விருந்துக்குப் போய்விட்டார். வெயில் ஏற ஏறக் கை வேர்த்தது, துணி அழுக்கானது. சூளபந்தகர் பார்த்தார்: துணி சுத்தமாகத்தான் இருந்தது, இந்த உடம்பு பட்டதால் தன் முந்தைய இயல்பை விட்டு இப்படி ஆயிற்று. பல சேர்ந்து உண்டானவை எல்லாம் நிலையற்றவை என்று அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்தது. நாலு மாதத்தில் ஒரு செய்யுள் வராதவர் அன்று காலையிலேயே அரகந்தரானார்.

நிலையாமைக்குக் கிசா கோதமியின் கடுகுக் கதைதானே எல்லோரும் சொல்வார்கள்? அதை ஏன் விட்டீர்கள்?

நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சாவு நிகழாத வீட்டில் ஒரு பிடி கடுகு தேடி அலையும் தாயின் கதை. ஒரு ஞாயிறு அதைப் பாதி சொல்லும்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு நேர்ந்த இழப்பு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கதையின் மேல் குற்றமில்லை. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் வாயைத் திறந்தவன் நான்.

அது ஒரு காரணம். இன்னொன்று, கடுகுக் கதை சாவு எல்லா வீட்டுக்கும் பொது என்று காட்டுகிறது. கேட்பவர் பெருமூச்சு விடுகிறார். ஆனால் கண்ணை மூடி உட்கார்ந்ததும் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. துணிக் கதையில் யாரும் சாகவில்லை. மாற்றம் ஒரு கையளவு துணியில், ஒரு காலைப் பொழுதில், கண்ணெதிரே நடக்கிறது. தியானத்தில் பார்க்க வேண்டிய அளவும் அதுதான்.

இலங்கையில் சிங்களப் பௌத்தர் வீட்டில் இழவு விழுந்தால் வழியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டி, "அனிச்சா வத சங்காரா" என்று எழுதி வைப்பார்கள். சேர்ந்து உண்டானவை நிலையற்றவை என்று பொருள். புத்தர் மறைந்த வேளையில் சொல்லப்பட்ட செய்யுளின் முதல் அடி அது. சூளபந்தகர் கதையை விரித்துச் சொல்லும் உரையில் அழுக்குத் துணியைப் பார்த்து அவர் நினைப்பதும் அதே தொடர்தான். இழவு வீட்டு வாசலில் தொங்கும் சொற்கள் ஒரு கைக்குட்டைக்கும் பொருந்துகின்றன என்று சொன்னால், கூடத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

"நிலையாமை" என்று அழகான தமிழ்ச் சொல் இருக்க, "அநித்தம்", "அனிச்சா" என்றெல்லாம் ஏன்?

பொருளில் தவறில்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு நிலையாமை என்றதும் செல்வம் போகும், இளமை போகும், உயிர் போகும் என்ற பழைய பாடம் ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. குரலும் தானாகத் தாழ்கிறது. பாலி மொழியின் "அனிச்ச" அவ்வளவு கனமான சொல் அன்று. மூச்சு மாறுவதும் அனிச்ச, பசி அடங்குவதும் அனிச்ச. மணிமேகலை இதைத் தமிழாக்கி "அநித்தம்" என்கிறது. எனக்கு அது போதும்.

எங்கள் குழுவில் ஒரு பாட்டி முதல் நாள் அதை அனிச்சம் பூ என்றே எடுத்துக்கொண்டார். மோந்தால் வாடுகிற பூ. இரண்டு சொற்களுக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மாற்றிக்கொள்ளவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

இது உண்மையில் புத்தர் காலத்துக் கதையா, பிற்காலத்தில் கட்டியதா?

இரண்டு அடுக்கு இருக்கிறது. பழைய பிக்குகளின் செய்யுள் தொகுப்பான தேரகாதையில் சூளபந்தகரின் பெயரில் பத்துச் செய்யுள்கள் உள்ளன. தன் முன்னேற்றம் மந்தமாக இருந்தது, இகழப்பட்டேன், அண்ணன் வீட்டுக்குப் போ என்றார், வாயிற்கூடத்தில் வருந்தி நின்றேன், புத்தர் வந்து தலையைத் தொட்டார், கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார் என்று அவர் வாய்மொழியாகவே வருகிறது. அங்கே கொடுக்கப்படுவது கால் துடைக்கும் துணி. அதன்மேல் மனத்தை ஊன்றச் சொல்கிறார், அவ்வளவுதான்.

நாலு மாதக் கணக்கு, தாமரைச் செய்யுள், "ரஜோஹரணம்", துணி அழுக்கானது எல்லாம் தம்மபதத்தின் 25-ஆம் செய்யுளுக்கான உரையிலும் புத்தரின் முற்பிறப்புக் கதைகளைச் சொல்லும் ஜாதகத் தொகுப்பின் 4-ஆம் கதைக்கான முன்கதையிலும் விரிகின்றன. நான் உரைக் கதையைத்தான் சொல்கிறேன், ஆனால் கால்துடைக்கும் துணி என்ற விவரத்தை மட்டும் பழைய செய்யுளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வாசலில் கிடக்கும் பொருளைக் கையில் கொடுத்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

குழுவில் பேசும்போது பேச்சை எப்படி அமைக்கிறீர்கள்? எவ்வளவு நேரம்?

பேச்சு பதினெட்டு நிமிடத்துக்குள் முடியும். நடுவில் பன்னிரண்டு நிமிடம் மௌனம்.

முதலில் துணி. பழைய நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துக் கரையை வெட்டிவிட்டு, ஒரு சாண் சதுரங்களாகக் கிழியுங்கள். முப்பது துண்டுக்கு மேலேயே கிடைக்கும். கஞ்சியும் நீலமும் போடாமல் அலசிக் காயவையுங்கள். புதுத் துணி வேண்டாம். அதன் பசை விறைப்பில் கை வழுக்கும். வருகிறவர் உட்காரும்போதே ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். எதற்கு என்று சொல்ல வேண்டாம். ஒரு துண்டை யாரும் தொடாமல் தட்டில் வைத்துவிடுங்கள்.

பிறகு கதை. புத்தர் துணியைக் கொடுத்தார் என்ற இடம் வரை சொல்லி நிறுத்துங்கள். இதுதான் முக்கியம். துணி அழுக்கானது, அவர் உணர்ந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டால், கேட்பவர்கள் விடையைத் தெரிந்துகொண்டு துணியைத் தேய்ப்பார்கள். அது பரிசோதனைக் கூடத்தில் முடிவை முதலிலேயே எழுதிவிட்டு அளவெடுப்பது போல. நிறுத்திவிட்டு, "நீங்களும் தேய்த்துப் பாருங்கள், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், மெதுவாக" என்று மட்டும் சொல்லுங்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து மணியடித்து, தட்டிலிருக்கும் துண்டைக் கையிலுள்ளதோடு ஒப்பிடச் சொல்லிவிட்டு மீதிக் கதையைத் தொடருங்கள். நான் முதல் இரண்டு தடவை நிறுத்தாமல் சொன்னேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அதிலேயே தெரிந்துவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்று.

பன்னிரண்டு நிமிடம் தேய்த்தேன். துணி அழுக்காகவே இல்லை. இப்போது என்ன?

ஆகாது. மார்கழியில், விசிறி ஓடும் கூடத்தில், சோப்புப் போட்டுக் கழுவிய கையில் அவ்வளவு சீக்கிரம் அழுக்கேறாது. சூளபந்தகர் வெயிலை நோக்கி உட்கார்ந்திருந்தார். அழுக்கைத் தேடினால் ஏமாற்றம்தான்.

ஆனால் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் சில்லென்று இருந்தது, பிடித்த இடம் கதகதப்பாகிவிட்டது. மொடமொடப்பு போய்த் துவண்டிருக்கிறது. விரல் பட்ட இடத்தில் இழைகள் படிந்து, பக்கத்தில் சிறு சுருக்கங்கள். உள்ளங்கையில் வேர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பதால், வேர்க்கவில்லை என்று நாம் நினைக்கும்போதும் கொஞ்சம் ஈரம் வந்துகொண்டேயிருக்கும். அதைத் துணி குடிக்கிறது. எங்கள் குழுவின் தையற்காரர் கண்ணைத் திறக்காமலே "ஊடை இழை நகர்ந்துவிட்டது" என்றார். நாற்பது வருடம் துணி தொட்ட விரல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. துணி மாறியது என்பதோடு சூளபந்தகர் நிற்கவில்லை. இந்த உடம்பு பட்டதால் மாறியது என்று பார்த்தார். காரணத்தையும் சேர்த்துப் பார்த்தார். யாரும் தொடாமல் தட்டிலிருந்த துண்டு வேறு விதமாக மாறிக்கொண்டிருக்கிறது: தூசு விழுகிறது, காற்றின் ஈரம் ஏறுகிறது. எந்தச் சேர்க்கை இருக்கிறதோ அதற்கேற்ற மாற்றம். "எல்லாம் மாயும்" என்று பொதுவாகச் சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் இந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

சரி, துணியைக் கீழே வைத்துவிட்டு மூச்சில் உட்காருகிறேன். அப்போது எதைப் பார்ப்பது?

முழங்கால் வலியையே எடுத்துக்கொள்வோம், அது எல்லோருக்கும் வரும். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் "முழங்கால் வலிக்கிறது" என்று மனம் அறிவிக்கும். அது ஒரு பெயர். பெயர் மாறாது, காலையில் வைத்தால் மாலை வரை அப்படியே இருக்கும். பெயருக்குக் கீழே போய்ப் பாருங்கள். ஓர் எரிச்சல், ஓர் இழுப்பு, நாடித் துடிப்போடு சேர்ந்து வரும் ஒரு குத்து. குத்துக்கும் குத்துக்கும் நடுவில் சின்ன இடைவெளி. இழுப்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று தேடினால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். காலை மாற்ற வேண்டும் என்ற ஆசையும் அலை மாதிரி எழுந்து, உச்சிக்குப் போய், தளர்கிறது. வலியை விட அந்த ஆசையைப் பார்ப்பது எளிது, ஏனென்றால் அது சீக்கிரம் தளரும்.

இங்கே ஒரு தவறு கிட்டத்தட்ட எல்லோரும் செய்கிறார்கள். "அநித்தம், அநித்தம், போய்விடும்" என்று சொல்லிக்கொண்டு வலி போவதற்காகக் காத்திருக்கிறார்கள். அது பஸ்ஸுக்குக் காத்திருப்பது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: வலி அடங்கியதும் "ஜெயித்துவிட்டேன்" என்ற எண்ணம் எழுந்தால், அதுவரை நடந்தது சண்டை. இன்னொரு வழி, ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று முகத்தில் படும்போது அதையும் இதே போல் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொள்வது. பிடிக்காதது மட்டும் நிலையற்றதாகத் தெரிந்தால் பார்வை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

கால் முழுக்க மரத்துப்போனால் மாற்றிக்கொள்ளுங்கள். மூட்டுக்குள்ளே ஊசி குத்துவது போல் வலித்து, எழுந்த பிறகும் அது நீடித்தால் அடுத்த வாரம் நாற்காலியில் உட்காருங்கள். மூட்டைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லி எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

எல்லாம் மாறிப்போகிறது என்றால் வீட்டுக் கடனை எதற்கு அடைப்பது? பிள்ளையை எதற்குப் படிக்க வைப்பது?

இதைக் கேட்டவர் வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறார், சிரித்துக்கொண்டே கேட்டார். வட்டியும் ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் கேள்வி நியாயமானது. பதில் கதையிலேயே இருக்கிறது, பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

இந்தக் கதையில் நிலையானது என்று எல்லோரும் நம்பியது எது? துணி இல்லை. தம்பியின் மந்தபுத்தி. நாலு மாதம் பார்த்துவிட்டு அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார்: இவன் இப்படித்தான். தம்பியும் அதை ஏற்றுக்கொண்டு மூட்டை கட்டிவிட்டார். அண்ணன் சாதாரண ஆள் அல்லர், உணர்ந்தவர் என்று கதையே சொல்கிறது. அவருக்கே பிடிபடவில்லை. புத்தர் செய்தது சேர்க்கையை மாற்றியது. செய்யுளை எடுத்துவிட்டுத் துணியைக் கொடுத்தார். சொற்களை நினைவில் வைக்கும் வேலையை நீக்கி, கையால் செய்யும் வேலையைக் கொடுத்தார். காரணம் மாறியதும் விளைவு மாறிற்று.

சுத்தத் துணி அழுக்காகும் என்றால், அழுக்குத் துணி வெளுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதி. மனித மனம் கல்லில் வெட்டியதாக இருந்தால்தான் பிள்ளையைப் படிக்க வைப்பது வீண். கதையின் தொடர்ச்சியிலும் இது வருகிறது: துணியில் ஏறியது மட்டும் தூசு அன்று, ஆசையும் வெறுப்பும் மயக்கமுமே உண்மையான தூசு, அவற்றை நீக்கு என்று புத்தர் அவருக்கு உணர்த்துகிறார். நீக்க முடியாத ஒன்றை யாரும் நீக்கச் சொல்ல மாட்டார்கள்.

பேச்சில் இந்தப் பகுதிக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். "நான் கோபக்காரன், என் சுபாவம் அப்படி" என்று சொல்கிறவர் ஒவ்வொரு குழுவிலும் மூன்று பேராவது உண்டு. அவர்களைப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியில் அவர் ஆயிரம் பிக்குகளாகத் தோன்றினார் என்று படித்தேன். அதையும் சொல்ல வேண்டுமா?

ஜீவகர் வீட்டில் புத்தர் பாத்திரத்தைக் கையால் மூடி, மடத்தில் இன்னும் பிக்கு இருக்கிறார் என்று ஆளனுப்புகிறார். போனவன் மாந்தோப்பு நிறைய ஆயிரம் பிக்குகளைப் பார்க்கிறான். சூளபந்தகர் யார் என்றால் ஆயிரம் பேரும் "நான்தான்" என்கிறார்கள். முதலில் வாய் திறப்பவர் கையைப் பிடி என்று புத்தர் சொல்லி அனுப்ப, மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். பழைய செய்யுளிலும் இது உண்டு.

குழந்தைகள் இருந்தால் சொல்லுங்கள், மிகவும் ரசிப்பார்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் நான் விட்டுவிடுகிறேன், மீதி நேரமெல்லாம் ஆயிரம் பேர் சாத்தியமா என்ற வாதத்தில் போய்விடும்.

துக்கத்தில் இருப்பவர் குழுவில் இருக்கிறார் என்று முன்பே தெரிந்தால்?

உரை தொடங்குமுன் அவரிடம் தனியாக இன்று இதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கதவருகே உட்கார இடம் கொடுங்கள், வேண்டுமானால் எழுந்து போகலாம் என்றும் சொல்லுங்கள். அவரை நோக்கி "எல்லாம் அநித்தம்தானே அம்மா" என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்வார்கள். வாயை மூடு என்றுதான் காதில் விழும்.

துக்கம் இல்லாதவருக்கும் சில சமயம் இந்தப் பயிற்சியில் ஒரு கலக்கம் வரும். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாதது போல் நெஞ்சு படபடக்கும். அப்போது மாற்றத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பக்கத்திலிருப்பவரோடு நாலு வார்த்தை பேசுவது நல்லது. அடுத்தடுத்த நாட்களிலும் அந்தப் படபடப்பு விடாமல் வந்தால் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முடிந்த பிறகு அந்தத் துணியை என்ன செய்வது? பூஜையில் வைக்கலாமா?

ஒருவர் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னுடையது ஆறு மாதமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. ஒரு மூலையில் கட்டை விரல் பட்ட இடம் மட்டும் பழுப்பேறி, மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஜல்லடை போல் தெரிகிறது. போன வாரம் மூக்குக் கண்ணாடியை அதில்தான் துடைத்தேன்.